தடி எந்தக் கையில்?

அறுபத்தேழு வயது அம்மா ஒருவர் எலும்பு மூட்டு மருத்துவரின் முன் உட்கார்ந்திருக்கிறார். திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இது ஒருவருடைய கதை அல்ல. இவரைப் போன்றவர்கள் எலும்பு மூட்டுப் பிரிவுகளுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பாதையை விளக்கவே இந்த ஒருவரை வைத்துக்கொள்கிறோம்.

"எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டால், "முட்டிதான் சார், இடது முட்டி" என்கிறார். கையில் முழங்கால் எக்ஸ்ரே படம் இருக்கிறது. ஏற்கெனவே வேறு இடத்தில் எடுத்தது. அதில் வயதுக்கேற்ற தேய்மானத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு வருடமாக முழங்காலுக்குத் தைலம் தேய்த்திருக்கிறார், முட்டி உறை போட்டிருக்கிறார். வலி குறையவில்லை. நடை மட்டும் மாறிவிட்டது. இடது காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. "விந்தி விந்தி நடக்கிறே" என்று அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.

மருத்துவர் கேள்வியை மாற்றிக் கேட்கிறார். "பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கும்போது எங்கே பிடிக்குது?" அந்த அம்மா கொஞ்சம் தயங்கி, கூட வந்த மகனைப் பார்த்துவிட்டு, தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் கை வைக்கிறார்.

அந்தத் தயக்கம்தான் பலருடைய சிகிச்சையை ஒரு வருடம் தள்ளிப்போடுகிறது. தொடை இடுக்கில், கவட்டையில் வலி என்று ஆண் மருத்துவரிடமும் பெற்ற பிள்ளையிடமும் சொல்ல நம் வீட்டுப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். தொடை வலி என்பார்கள், முட்டி வலி என்பார்கள். "இடுப்பு வலி" என்று சொன்னால் இன்னும் குழப்பம். தமிழில் இடுப்பு வலி என்றால் முதுகின் கீழ்ப்பகுதி வலிதான் எல்லோருக்கும் நினைவு வரும். உடனே முதுகுத்தண்டுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிடுவார்கள். உண்மையில் இடுப்பு மூட்டு முதுகிலும் இல்லை, நாம் கைவைத்து நிற்கும் இடுப்பெலும்பின் விளிம்பிலும் இல்லை. தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் உட்காரும் இடம் அது. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் சரியாகத் தொடை இடுக்கின் ஆழத்தில் இருக்கிறது. அதனால்தான் அந்த மூட்டு தேய்ந்தால் வலி முதலில் அங்கே தெரிகிறது.

முட்டியில் வலிப்பதும் பொய் இல்லை. இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகளின் கிளைகளே முழங்காலுக்கும் போகின்றன. ஆகவே மேலே உள்ள நோயை மூளை கீழே உள்ளதாக உணர்வது உண்டு. சிலருக்கு இடுக்கில் வலியே இருக்காது, முட்டியில் மட்டும்தான் இருக்கும். நம் ஊரில் முழங்கால் தேய்மானம் மிக அதிகம், இடுப்பு மூட்டுத் தேய்மானம் அதைவிடக் குறைவு. அதனால் முட்டி என்று சொன்னதும் எல்லோருடைய கண்ணும் முட்டியிலேயே நின்றுவிடுகிறது.

இரண்டையும் பிரித்தறிய மருத்துவருக்குச் சில விநாடிகள் போதும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கித் தொடையை உயர்த்தி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் தள்ளுவார். அப்போது தொடை எலும்பு மூட்டுக்குள் உட்பக்கமாகத் திரும்பும். இடுப்பு மூட்டு தேயும்போது முதலில் குறைவது இந்தத் திருப்பம்தான். நமது அம்மாவுக்கு வலது பக்கம் நன்றாகத் திரும்பியது. இடது பக்கம் கொஞ்சம் திருப்பியதுமே முகம் சுளித்து "அதேதான்!" என்றார். பிறகு இடுப்புக்கு எடுத்த எக்ஸ்ரேயில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே இருக்கவேண்டிய கறுப்பு இடைவெளி இடது பக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. கிண்ணத்தின் ஓரத்தில் எலும்பு முளை விட்டிருந்தது.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய அறிகுறிகளும் உண்டு. கால் நகம் வெட்டக் குனிவது கஷ்டமாகும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஒரு முட்டி மட்டும் தரையைத் தொடாமல் மேலேயே நிற்கும். வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்ததும் முதல் நாலைந்து அடி பிடித்துக்கொண்டு, பிறகு இளகும். காலையில் உள்ள விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். தொடையின் வெளிப்பக்கம் மட்டும் வலித்து, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் அது மூட்டு அல்ல, வெளிப்பக்கத் தசைநார்ப் பிரச்சினை. இடுக்கில் இருமும்போது புடைப்பது குடலிறக்கமாக இருக்கலாம். ஒன்றை மட்டும் காத்திருந்து பார்க்கக் கூடாது. வயதானவர் விழுந்த பிறகு திடீரென இடுக்கில் வலி வந்தால், எழுந்து நடக்க முடிந்தாலும் அன்றே படம் எடுக்கவேண்டும். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விட்டும் சிலர் ஓரிரு நாள் நடந்துவிடுவார்கள். காய்ச்சலோடு இடுப்பு மூட்டு வலித்தாலும் அதே அவசரம்தான்.

இனி அந்தச் சாய்ந்த நடைக்கு வருவோம். அதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் புரியும்.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். நம் அம்மாவின் எடை 60 கிலோ. இடது காலில் நிற்கும்போது அந்தக் காலைத் தவிர்த்த மீதி உடம்பை, ஏறத்தாழ 50 கிலோவை, இடது இடுப்பு மூட்டு தாங்குகிறது. ஆனால் அந்தப் பாரம் மூட்டின் நேர் மேலே இல்லை. உடம்பின் நடுவில், மூட்டிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. பிடிக்க ஆளில்லாவிட்டால் இடுப்பு வலப்பக்கம் சரிந்துவிடும். சரியாமல் இழுத்துப் பிடிப்பது மூட்டுக்கு வெளிப்பக்கம் உள்ள பக்கவாட்டுத் தசை. அது மூட்டிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில் இழுக்கிறது. ஏற்றக்காலோ தராசோ பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். பாரம் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கிறது, ஆகவே தசை இரண்டு பங்கு விசையோடு, அதாவது 100 கிலோ அளவுக்கு இழுத்தாகவேண்டும். மேலிருந்து 50, தசை அழுத்துவது 100. மூட்டின் தலையில் விழுவது 150 கிலோ. அறுபது கிலோ மனுஷிக்கு, அடிக்கு அடி நூற்றைம்பது.

சாய்வது எதற்கென்று இப்போது தெரியும். உடம்பை இடப்பக்கம் சாய்த்தால் பாரம் மூட்டுக்கு அருகே வந்துவிடுகிறது. 10 சென்டிமீட்டர் 5 ஆகக் குறைந்தால் தசை இழுக்கவேண்டியதும் 50 கிலோவாகக் குறையும், மூட்டின் மேல் விழுவது 100 கிலோவாகும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே உடம்பு கண்டுபிடித்த வழி அது. அதற்கு விலையும் உண்டு. சாய்ந்து நடந்தே பழகினால் அந்தப் பக்கவாட்டுத் தசைக்கு வேலை குறைந்து மெலிகிறது, முதுகு வலிக்கத் தொடங்குகிறது. தசை மெலிந்தால் சாய்வு இன்னும் கூடும். இந்தத் தசை பலவீனத்தை, ஒற்றைக் காலில் நிற்கவைத்து இடுப்பு சரிகிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கும் முறையை 1895-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃப்ரெட்ரிக் ட்ரெண்டலன்பர்க் விவரித்தார். இன்றும் அந்தச் சோதனைக்கு அவர் பெயர்தான்.

சாய்வு செய்யும் அதே வேலையைத் தசையைக் கெடுக்காமல் செய்யும் ஒரு பொருள் இருக்கிறது. அது கைத்தடி. ஆனால் சரியான கையில் இருக்கவேண்டும்.

நம் அம்மா மறைந்த கணவரின் தடியை எடுத்துவந்திருந்தார். அதை இடது கையில், வலிக்கிற பக்கமே ஊன்றிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றுவது அதுதான். வலிக்கிற இடத்துக்குத்தானே முட்டுக் கொடுக்கவேண்டும்? ஆனால் உடம்பு சரியப் பார்ப்பது வலப்பக்கம். முட்டு அங்கேதான் வேண்டும். தடியை வலது கையில் பிடித்து, இடது காலை எடுத்து வைக்கும்போதே அதையும் ஊன்றி, வெறும் 5 கிலோ அளவுக்கு அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கை இடது மூட்டிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. தூரம் அதிகம் என்பதால் அந்த 5 கிலோ, சரிவில் பாதியைத் தாங்கிவிடும். தசை 100-க்குப் பதில் 50 கிலோ இழுத்தால் போதும். மூட்டின் மேல் விழுவது 150-இலிருந்து 95 கிலோவுக்கு வந்துவிடுகிறது. ஒரு சின்ன வெங்காயப் பையின் எடைக்குக் கையை அழுத்தியதில் மூட்டுக்கு 55 கிலோ மிச்சம். இவை தோராயமான எண்கள்தான். ஆளுக்கு ஆள் எலும்பின் அமைப்பு மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. தடியை இடப்பக்கமே ஊன்றினால் அது வலப்பக்கச் சரிவைத் தாங்காது. தடியின் மேல் பாரம் போட உடம்பை இன்னும் இடப்பக்கம் சாய்க்கவேண்டியதுதான்.

அமெரிக்க எலும்பியல் மருத்துவர் வால்டர் பிளவுண்ட் 1956-இல் இந்தக் கணக்கை எழுதியபோது தன் கட்டுரைக்கு வைத்த தலைப்பின் பொருள், "கைத்தடியைத் தூக்கியெறியாதீர்கள்" என்பது.

அடுத்தது உயரம். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் மட்டத்தில் இருக்கவேண்டும். அப்போது ஊன்றும்போது முழங்கை சற்றே மடங்கும். கணவரின் தடி அவருக்கு ஒரு சாண் உயரமாக இருந்தது. தோள் மேலே தூக்கி, கழுத்து வலி வேறு வந்திருந்தது. அறுத்துச் சரிசெய்து, அடியில் புதிய ரப்பர் குமிழ் மாட்டினார்கள். அந்த ரப்பரின் அடிவரிகள் தேய்ந்துவிட்டால் ஈரத் தரையில் தடியே ஆளை விழவைக்கும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில் போகவேண்டும். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். இரு பக்கமும் வலி இருப்பவர்களுக்கும் நிற்கவே தள்ளாடுபவர்களுக்கும் தடி போதாது, வாக்கர் வேண்டும்.

தடி பாரத்தைக் குறைக்கும், தசையை வளர்க்காது. அதற்கு உடற்பயிற்சிதான் வழி. தேய்ந்த மூட்டை அசைத்தால் இன்னும் தேயும் என்ற பயம் பலருக்கு உண்டு. சரியான அளவில் செய்யும் பயிற்சி மூட்டைத் தேய்ப்பதில்லை. பிசியோதெரபிஸ்ட் நம் அம்மாவுக்கு மூன்றே பயிற்சிகள் கொடுத்தார். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மேலே இருக்கும் இடது காலை முட்டி மடக்காமல், குதிகாலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி ஓரடி உயரம் தூக்கி, ஐந்து எண்ணி இறக்குவது. மல்லாக்கப் படுத்து முட்டிகளை மடக்கி இடுப்பைத் தூக்குவது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக உட்காருவது. ஒவ்வொன்றும் பத்து முறை, மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். எளிதாகிவிட்டால் நாற்காலியைத் தாழ்த்துவது, கணுக்காலில் எடைப்பை கட்டுவது.

முதல் வாரம் வலி கொஞ்சம் கூடியது. நிறுத்திவிடலாமா என்று கேட்டார். பிசியோதெரபிஸ்டுகள் பின்பற்றும் வழிமுறை ஒன்று உண்டு. பயிற்சியின்போது தாங்கக்கூடிய வலி இருக்கலாம். ஆனால் மறுநாள் இதே நேரத்துக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவேண்டும். திரும்பாவிட்டால் அளவைக் குறைக்கவேண்டும், விட்டுவிடக் கூடாது. பலன் தெரிய ஆறு வாரம் முதல் மூன்று மாதம் ஆகும். இரண்டு வாரம் செய்துவிட்டு "ஒண்ணும் ஆகலை" என்பவர்கள்தான் அதிகம். செய்யக்கூடாததும் உண்டு. வலியைத் தாண்டிச் சம்மணம் போட்டுப் "பழக்குவது", சுளுக்கு எடுப்பதாகச் சொல்லிக் காலை இழுத்துத் திருகவிடுவது இரண்டும் வேண்டாம். அங்கே விலகியது எதுவும் இல்லை, திருகிச் சரியாக்க. எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது நல்லது. மேலே பார்த்த கணக்குப்படி உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் மூட்டுக்கு அடிக்கு இரண்டரை கிலோ குறையும்.

மூன்று மாதத்தில் நம் அம்மா கடைத்தெரு வரை நிற்காமல் போய்வந்தார். சாய்வு குறைந்தது. இரண்டு ஆண்டுகள் அப்படியே ஓடின. மூட்டு சரியாகிவிடவில்லை, தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளர்வதில்லை. ஆனால் வாழ்க்கை நடந்தது.

பிறகு மெல்ல நிலைமை மாறியது. இரவில் புரளும்போது வலி எழுப்பியது. தடியோடும் இரண்டு தெரு தாண்ட முடியவில்லை. வலி மாத்திரை தினசரியானது, இரத்த அழுத்தம் ஏறியது. இந்த வகை மாத்திரைகளை நாள்கணக்கில் எடுத்தால் சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் கேடு. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டதில் சில வாரம் நிம்மதி கிடைத்தது. அவ்வளவுதான். புதிய படத்தில் இடைவெளி முழுக்க மறைந்து எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன.

இந்தக் கட்டத்தில் "இன்னும் கொஞ்சம் பயிற்சி செய்து பார்க்கலாம்" என்பது எவ்வளவு சரி? டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. அறுவை சிகிச்சைக்குத் தகுதியான கடும் தேய்மானம் உள்ள, 50 வயது கடந்த 109 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூட்டு மாற்று, மற்றதற்குக் கண்காணிப்போடு 12 வாரத் தசைப் பயிற்சி. ஆறு மாதம் கழித்து 48 மதிப்பெண் கொண்ட கேள்வித்தாளால் வலியையும் இயக்கத்தையும் அளந்தார்கள். அறுவை பெற்றவர்கள் சராசரி 16 மதிப்பெண் அளவுக்கு முன்னேறினார்கள். பயிற்சி செய்தவர்களுக்குக் கிடைத்தது நாலரை. மூட்டு கடுமையாகத் தேய்ந்த பிறகு பயிற்சி அறுவைக்கு மாற்று ஆகாது என்பது இதில் தெளிவு. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பயிற்சிப் பிரிவில் ஆறு மாதத்துக்குள் அறுவைக்குப் போனவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். காத்திருக்கவேண்டியவர்களுக்கும், வேண்டாம் என்பவர்களுக்கும் பயிற்சி காலம் வாங்கிக் கொடுக்கிறது.

ஆகவே எப்போது என்பதை எக்ஸ்ரே தீர்மானிப்பதில்லை. படத்தில் மூட்டு மோசமாக இருந்து, ஆள் வலியில்லாமல் வயல்வரப்பில் நடந்தால் அறுவை வேண்டாம். பயிற்சி, தடி, மருந்து எல்லாம் ஒழுங்காகச் செய்தும் தூக்கம் கெடுகிறது, வீட்டு வேலை முடியவில்லை, வெளியே போவது நின்றுவிட்டது என்றால் நேரம் வந்துவிட்டது. "முடிந்தவரை தள்ளிப்போடு" என்ற அறிவுரை நம் வீடுகளில் அதிகம். அது இங்கே தீங்கு செய்கிறது. மிகவும் முடங்கிய பிறகு அறுவைக்குப் போகிறவர்களுக்கு வலி போகும், ஆனால் நடமாட்டம் முன்கூட்டியே போனவர்களின் அளவுக்குத் திரும்புவதில்லை. தசை மெலிந்து, மூட்டு மடங்கியபடி இறுகி, கால் குட்டையாகிவிட்டால் மருத்துவருக்கும் வேலை கடினம்.

செயற்கை மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கு முன்பு காரணம் இருந்தது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். அவை சில ஆண்டுகளில் தேய்ந்து அவற்றை எடுக்கவேண்டி வந்தது. 1962-இல் கடினமான பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகுதான் இந்தச் சிகிச்சை நிலைத்தது. பல நாடுகளின் பதிவேடுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டு ஆய்வின்படி, இடுப்பு மூட்டு மாற்றுகளில் நூற்றுக்கு 58 அளவுக்கு 25 ஆண்டு நிலைக்கின்றன. எழுபதைத் தாண்டியவருக்கு வாழ்நாளில் மறுபடி அறுவை தேவைப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து அளவே. ஐம்பதுகளில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு பல மடங்கு. காத்திருக்கும்படி சொல்வதில் பொருள் இருப்பது அவர்களுக்குத்தான். வயது மிஞ்சிவிட்டதே என்ற கவலைக்கும் ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தின் எலிசபெத் ராணியின் தாயாருக்கு 1995-இல் வலது இடுப்பு மூட்டு மாற்றப்பட்டபோது அவருக்கு வயது 95. அதன்பின் ஆறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்.

தேதி குறிப்பதற்கு முன் நம் அம்மாவுக்குச் சில வேலைகள் இருந்தன. சர்க்கரை கட்டுக்குள் வரவேண்டும். சொத்தைப் பல்லையும் கால் வெடிப்பில் இருந்த புண்ணையும் ஆற்றவேண்டும், கிருமி அங்கிருந்து புதிய மூட்டுக்குப் போய்விடக் கூடாது. ஸ்டீராய்டு ஊசி போட்டு மூன்று மாதம் கடந்திருக்கவேண்டும். வீட்டில் உட்காரும் கழிப்பறை பொருத்தவேண்டும், கட்டில் உயரமாக இருக்கவேண்டும். முதல் சில வாரங்களில் தாழக் குந்தினால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது.

அறுவைக்கு மறுநாளே வாக்கர் பிடித்து நிற்கவைத்தார்கள். இடுக்கில் இருந்த அந்தப் பழைய வலி இல்லை, தையல் வலி மட்டும்தான் என்றார். ஆறு வாரத்தில் வாக்கர் போய் மறுபடி தடி வந்தது, வலது கைக்கே. "மூட்டுதான் புதுசாச்சே, இன்னும் எதுக்குப்பா இது?" என்று மகனிடம் கேட்டார். மூட்டு புதிது, பக்கவாட்டுத் தசை பழையது. அது தேற மாதங்கள் ஆகும். சமையல் மேடையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு இடது காலில் மட்டும் நின்று, வலப்பக்க இடுப்பு கீழே சரியாமல் பத்து எண்ண முடிகிற நாளில் தடியை மூலையில் சாத்தலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். இப்போதைக்கு ஆறு வரை வந்திருக்கிறார்.